வண்டிக்கும் பட்டறைக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லையா? வித்தியாசத்தை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. சி.டி.சி. தூளும் ஆர்த்தடாக்ஸ் தூளும் இரண்டுமே போடுகிறார்கள். மாதக் கடைசியில் எந்தத் தூளுக்குக் கிலோவுக்கு என்ன செலவு என்று முதலாளிக்குத் தாள் போக வேண்டும். இலை விலை, விறகு, ஆள் கூலி எல்லாம் எது எதற்கு என்று நேராகத் தெரிந்துவிடும். சிக்கல் இரண்டு இடத்தில்தான்: இலை எடுத்து வரும் வண்டிப் பிரிவு, பக்கத்திலேயே இருக்கும் பட்டறை.

இந்த இரண்டும் தூள் போடுவதில்லை, தூள் போடுகிற உற்பத்திப் பிரிவுகளுக்கு வேலை செய்கின்றன, அதனால் இவற்றைச் சேவைப் பிரிவுகள் என்பார்கள். அத்தோடு விட்டால் பரவாயில்லை, ஒன்றுக்கொன்றும் வேலை செய்கின்றன. மலைப் பாதையில் ஓடுகிற வண்டிக்கு பிரேக் லைனிங்கும் கிளட்ச் பிளேட்டும் அடிக்கடி தேயும், அதைப் பட்டறைதான் பார்க்கிறது. பட்டறைக்கு ராடும் பேரிங்கும் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ இறங்குவதும், சி.டி.சி. ரோலரைப் பல் தீட்டக் குன்னூருக்கு ஏற்றிப் போவதும் வண்டிப் பிரிவு. வண்டியின் செலவு தெரிந்தால்தான் பட்டறையின் செலவு தெரியும், பட்டறையின் செலவு தெரிந்தால்தான் வண்டியின் செலவு தெரியும். அதனால்தான் இரண்டு சமன்பாடு எழுதி இரண்டையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பாடப் புத்தகத்தில் ஒருங்கமை சமன்பாட்டு முறை என்பார்கள்.

தீர்ப்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. தவறு வருவது அதற்கு முன்னும் பின்னும்தான். ஒவ்வொரு தவறும் தனக்கென்று ஒரு தடயத்தை விட்டுவிட்டுப் போகும். அந்தத் தடயங்களைத்தான் கீழே வரிசையாகப் பார்க்கிறோம். கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எண்களை மட்டும் முழுசாக்கியிருக்கிறேன்.

முதலில் சரியான விடை எப்படி இருக்கும்

ஒரு மாதத்தில் வண்டிப் பிரிவின் சொந்தச் செலவு 5,25,000 ரூபாய்: டீசல், டிரைவர் சம்பளம், டயர், இன்சூரன்ஸ். பட்டறையின் சொந்தச் செலவு 2,40,000 ரூபாய். இரண்டும் சேர்த்து 7,65,000. இந்த 7,65,000-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை இதுதான் தராசு.

வண்டி லாக் புத்தகப்படி அந்த மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சி.டி.சி. இலைக்கு 6,000, ஆர்த்தடாக்ஸ் இலைக்கு 3,000, பட்டறை வேலைக்கு 1,000. அதாவது 60, 30, 10 சதவீதம். பட்டறை ஜாப் கார்டுப்படி 600 மணி நேர வேலை. சி.டி.சி. இயந்திரங்களுக்கு 270, ஆர்த்தடாக்ஸுக்கு 180, வண்டிகளுக்கு 150. அதாவது 45, 30, 25 சதவீதம்.

வண்டியின் மொத்தச் செலவை ‘வ’ என்றும் பட்டறையின் மொத்தச் செலவை ‘ப’ என்றும் வைத்தால்:

```
வ = 5,25,000 + 0.25 ப
ப = 2,40,000 + 0.10 வ
```

இரண்டாவதை முதலாவதில் போட்டால், வ = 5,25,000 + 60,000 + 0.025 வ. வலது பக்கத்து வ-வை இடது பக்கம் கொண்டு வந்தால் 0.975 வ = 5,85,000. ஆக வ = 6,00,000, ப = 3,00,000.

இனி பங்கு பிரிக்கலாம். சி.டி.சி.-க்கு 6,00,000-இல் 60 சதவீதமும் 3,00,000-இல் 45 சதவீதமும்: 3,60,000 + 1,35,000 = 4,95,000. ஆர்த்தடாக்ஸுக்கு 1,80,000 + 90,000 = 2,70,000. கூட்டினால் 7,65,000. தராசு நேராக நிற்கிறது.

அறிகுறி: வ-வையும் ப-வையும் கூட்டினால் 9,00,000 வருகிறது, செலவு செய்ததோ 7,65,000தான்

இது நோயே இல்லை. ஆனால் புதிதாக வருகிற பையன்கள் முதலில் பதறுவது இங்கேதான். எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி இதை ஏதோ திருட்டு என்றே நினைத்து, “அண்ணே, ஒன்னேகால் லட்சத்துக்கு மேல எங்கிருந்தோ வந்திருக்கு” என்று தாளோடு ஓடி வந்தான்.

மேலதிகமாகத் தெரிகிற 1,35,000-ஐப் பிரித்துப் பாருங்கள். வண்டி பட்டறைக்குக் கொடுத்தது 60,000, பட்டறை வண்டிக்குக் கொடுத்தது 75,000. இந்த இரண்டு தொகையும் கொடுத்தவர் கணக்கிலும் இருக்கின்றன, வாங்கியவர் கணக்கிலும் இருக்கின்றன. அண்ணன் தம்பிக்கு நூறு கொடுத்தான், தம்பி அண்ணனுக்கு ஐம்பது கொடுத்தான், ஆனால் வீட்டுப் பணம் கூடவில்லை. வ, ப இரண்டையும் ஒன்றோடொன்று கூட்டவே கூடாது. அவற்றிலிருந்து உற்பத்திப் பிரிவுகளுக்குப் போனதைத்தான் கூட்ட வேண்டும்.

அறிகுறி: உற்பத்திப் பிரிவுகளுக்குப் போனதைக் கூட்டினால் 7,65,000 வரவில்லை

இதுதான் உண்மையான நோய். உடனே சமன்பாட்டைத் திரும்பத் தீர்க்க உட்காராதீர்கள், வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

*1,12,500 குறைகிறது.* அதாவது 6,52,500தான் போயிருக்கிறது. சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்துவிட்டு, பங்கு பிரிக்கும்போது பழைய சொந்தச் செலவையே பிரித்திருக்கிறீர்கள். 5,25,000-இல் 10 சதவீதம் 52,500, 2,40,000-இல் 25 சதவீதம் 60,000, இரண்டும் சேர்ந்தால் அதே 1,12,500. இந்தப் பணம் வண்டிக்கும் பட்டறைக்கும் நடுவில் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எக்செலில் இது நடப்பது சாதாரணம். தீர்த்த விடை ஒரு மூலையில் இருக்கும், பங்கு சூத்திரம் மட்டும் மேல் வரியில் இருக்கும் சொந்தச் செலவைச் சுட்டிக்கொண்டிருக்கும். பங்குச் சூத்திரத்தின் மேல் போய் F2 அழுத்தினால் எந்தக் கட்டத்தைச் சுட்டுகிறது என்று நிறம் காட்டிக் கொடுக்கும்.

*1,35,000 கூடுகிறது.* மேலே பார்த்த அதே 1,35,000. மொத்தமாக 9,00,000 உற்பத்திக்குப் போயிருக்கிறது. இரண்டு முறைகளைக் கலந்ததால் வருவது இது. வ, ப இரண்டையும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆனால் பிரிக்கும்போது நேரடி முறையின் விகிதத்தை எடுத்திருக்கிறீர்கள்: 60-க்கு 30 என்பதை 90-க்கு மேல் வைத்து, 45-க்கு 30 என்பதை 75-க்கு மேல் வைத்து. நேரடி முறையில் சேவைப் பிரிவுகள் ஒன்றுக்கொன்று செய்யும் வேலையை அடியோடு ஒதுக்கிவிடுவதால் அந்த விகிதம் சரி. இங்கே அப்படி ஒதுக்கவில்லை. சி.டி.சி.-யின் பங்கு 60 சதவீதமாகவே இருக்கட்டும், மீதி 10 சதவீதம் பட்டறைக்குத்தான் போகிறது.

*27,346 கூடுகிறது, அதுவும் சில்லறைப் பைசாவோடு.* எண்களை முழுசாக வைத்த கணக்கில் விடை இப்படி உடைந்து வந்தால் குணகங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று சந்தேகப்படலாம். 25 சதவீதம் பட்டறைச் சமன்பாட்டுக்கும் 10 சதவீதம் வண்டிச் சமன்பாட்டுக்கும் போய்விட்டது. அப்போது வ 5,63,077 என்றும் ப 3,80,769 என்றும் வரும். பார்த்தால் நம்பும்படிதான் இருக்கும், அதுதான் இதன் விஷம்.

இதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, சமன்பாட்டை வாய்விட்டுப் படிப்பது. “வண்டிக்கு ஆன மொத்தச் செலவு, அதன் சொந்தச் செலவோடு, *பட்டறை செய்த வேலையில்* வண்டிக்கு வந்த கால் பங்கு.” சதவீதம் யாருடைய புத்தகத்திலிருந்து வந்ததோ அவருடைய எழுத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 25 சதவீதம் பட்டறையின் ஜாப் கார்டிலிருந்து வந்தது, அதனால் அது ப-வோடுதான் நிற்கும். 10 சதவீதம் வண்டி லாக் புத்தகத்திலிருந்து வந்தது, அதனால் வ-வோடு நிற்கும். இரண்டு சதவீதமும் ஒன்றாக இருக்கிற மாதத்தில் இந்தத் தவறு எந்த அறிகுறியும் காட்டாது. இடம் மாறியிருந்தாலும் எண் மாறாது, அந்த மாத விடையும் சரியாகவே இருக்கும். அடுத்த மாதம் சதவீதம் மாறும்போதுதான் அதே தாளில் வெடிக்கும்.

*18,720 குறைகிறது.* இது சமன்பாட்டில் வந்த தவறே இல்லை, ஜாப் கார்டில் வந்தது. பட்டறை மேஸ்திரி அந்த மாதம் தன் சொந்த லேத்தைப் பழுது பார்க்க 40 மணி நேரம் செலவழித்திருக்கிறார், கார்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். நீங்கள் மொத்தத்தை 600 என்று எடுக்காமல் 640 என்று எடுத்துவிட்டீர்கள். வண்டிக்கு 150 மணி என்பது 25 சதவீதம் ஆகாமல் 23.44 சதவீதம் ஆகிறது. மூன்று சதவீதங்களையும் கூட்டினால் 93.75தான் வரும். மீதி 6.25 சதவீதம் யாருக்கும் போகாமல் பட்டறையிலேயே தங்கிவிடுகிறது. அப்போது ப 2,99,520 என்று வரும், அதில் 6.25 சதவீதம் சரியாக 18,720.

மருந்து எளிது: தனக்குத்தானே செய்துகொண்ட வேலையை அடிப்படையிலிருந்து கழித்துவிடுங்கள். “லேத்தைப் பார்த்ததும் செலவுதானே, அதை எப்படி விடுவது” என்று கேட்பார்கள். விடவில்லை. அந்த 40 மணிக்கான கூலி 2,40,000-க்குள் இருக்கிறது, அது மற்ற 600 மணிக்குள் பரவிவிடுகிறது. வேண்டுமானால் ப-வின் சமன்பாட்டில் 0.0625 ப என்று ஒரு துண்டைச் சேர்த்துத் தீர்த்துப் பாருங்கள். ப 3,20,000 என்று பெருத்து வரும், ஆனால் அதில் 23.44 சதவீதத்தை முழுத் துல்லியத்தோடு எடுத்தால் வண்டிக்குப் போவது அதே 75,000. சி.டி.சி.-க்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் ஒரு ரூபாய் மாறாது. அதனால் சுருக்கமான வழியிலேயே போகலாம்.

இதிலிருந்து ஒரு பொது வழி கிடைக்கிறது. சதவீதங்களைக் கூட்டினால் 100 வராத பிரிவு எதுவோ, அந்தப் பிரிவின் மொத்தச் செலவில் விடுபட்ட சதவீதம்தான் உங்கள் வித்தியாசம். முழு எண்ணாக மாற்றுகிறேன் என்று உற்பத்திப் பங்கில் ஒரு சதவீதத்தை விட்டிருந்தால், வித்தியாசம் 6,000 என்றால் வண்டி வரிசை, 3,000 என்றால் பட்டறை வரிசை. சதவீதத்தை எழுதி வைப்பதைவிட கிலோமீட்டரையும் மணியையும் அப்படியே கட்டத்தில் போட்டு, வகுத்தலை எக்செலிடமே விட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: விடை மைனஸில் வருகிறது

செலவு மைனஸில் வராது. வ −43,50,000 என்று வந்திருந்தால் 0.25 போட வேண்டிய கட்டத்தில் 25 போட்டிருக்கிறீர்கள். இரண்டு சதவீதத்தையும் அப்படிப் போட்டிருந்தால் வ −26,205, ப −22,048 என்று வரும். இரண்டாவது வகை ஆபத்தானது, எண் சின்னதாக இருப்பதால் யாராவது மைனஸை மட்டும் அழித்துவிட்டுப் போகக்கூடும்.

காரணம் கீழே இருக்கிற வகுஎண். இரண்டு சதவீதத்தையும் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தது அது. நம் கணக்கில் 1 − 0.025. சதவீதங்கள் ஒழுங்காக இருந்தால் இது பூஜ்யத்துக்குக் கீழே போகவே முடியாது. பூஜ்யமே ஆக வேண்டுமென்றால் வண்டி முழுக்கப் பட்டறைக்கே ஓட வேண்டும், பட்டறை முழுக்க வண்டியையே பார்க்க வேண்டும். அப்படியொரு ஃபேக்டரியில் தூளே வராது.

அறிகுறி: எக்செல் சுழல் சுட்டல் என்று கத்துகிறது, அல்லது கட்டத்தில் 0 நிற்கிறது

வண்டிக் கட்டம் பட்டறைக் கட்டத்தைக் கேட்கிறது, பட்டறைக் கட்டம் வண்டியைக் கேட்கிறது. எக்செல் எதை முதலில் கணக்கிடுவது என்று தெரியாமல் எச்சரிக்கை தருகிறது. பலர் உடனே File > Options > Formulas போய் Enable iterative calculation என்பதில் டிக் போட்டுவிடுகிறார்கள். விடை வரும், அதுவும் சரியாகவே வரும். எக்செல் செய்வது கையால் செய்யும் தொடர் பங்கீடுதான். வண்டியின் 5,25,000-இல் 52,500 பட்டறைக்கு, பட்டறையின் 2,92,500-இல் 73,125 வண்டிக்கு, அதில் 7,312.50 திரும்பப் பட்டறைக்கு, அதில் 1,828 வண்டிக்கு. ஒரு முழுச் சுற்றுக்கு நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்குவதால் நாலைந்து சுற்றில் பைசாவுக்கு வந்துவிடும். சந்தேகம் வந்தால் சமன்பாட்டு விடையைச் சோதிக்க இதைக் கையாலேயே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஆனாலும் அந்த டிக் எனக்குப் பிடிக்காது. இரண்டு காரணம். அந்த அமைப்பு, அன்றைக்கு முதலில் திறக்கிற கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. டிக் இல்லாத வேறு கோப்பை முதலில் திறந்துவிட்டு உங்கள் தாளைத் திறந்தால் பழையபடி எச்சரிக்கை வந்து நிற்கும். ஆடிட்டர் ஆபீஸில் திறந்தால் 0 தெரியலாம், நீங்கள் போனில் விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டாவது, கிலோமீட்டர் கட்டத்தில் யாராவது எழுத்தைத் தட்டிவிட்டால் #VALUE! சுழலுக்குள் புகுந்துவிடும். எழுத்தை எடுத்துத் திருத்தின பிறகும் அது போகாது, தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொண்டிருக்கும். சூத்திரத்தை அழித்துத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

சுழலே இல்லாமல் எழுதலாம். B2-இல் வண்டியின் சொந்தச் செலவு, B3-இல் பட்டறையின் சொந்தச் செலவு, C2-இல் பட்டறை வேலையில் வண்டிக்கு வந்த பங்கு, C3-இல் வண்டி ஓட்டத்தில் பட்டறைக்குப் போன பங்கு என்று வைத்துக்கொண்டால், வ-வும் ப-வும் இப்படி:

```
=(B2+C2*B3)/(1-C2*C3)
=(B3+C3*B2)/(1-C2*C3)
```

மூன்று, நாலு சேவைப் பிரிவுகள் ஒன்றையொன்று தொட்டால் இது போதாது, அணியைத் தலைகீழாக்கும் MINVERSE வேண்டும். இரண்டுக்கு இது தாராளம்.

அறிகுறி: ஒரே மாதம், ஒரே எண்கள், இரண்டு பேர் போட்டால் இரண்டு விடை

ஒருவர் சி.டி.சி.-க்கு 4,90,500 என்கிறார், இன்னொருவர் 4,98,000 என்கிறார். இரண்டுக்கும் மொத்தம் 7,65,000 சரியாகவே வருகிறது. தராசை வைத்து இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே முடியாது.

இருவரும் சமன்பாடு போடவில்லை, படிமுறையில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலாமவர் வண்டியின் செலவை முதலில் பிரித்து அதன் கணக்கை மூடிவிட்டு, பட்டறையை அப்புறம் பிரித்தார். பட்டறை வண்டிக்குச் செய்த 150 மணி நேரம் அவர் கணக்கில் காற்றில் போய்விட்டது. இரண்டாமவர் பட்டறையை முதலில் மூடினார், அவருக்கு வண்டி பட்டறைக்கு ஓடின 1,000 கிலோமீட்டர் போய்விட்டது. எதை முதலில் மூடுவது என்ற தேர்வு மட்டுமே 7,500 ரூபாயை ஒரு தூளிலிருந்து இன்னொரு தூளுக்குத் தள்ளுகிறது. சமன்பாட்டு விடையான 4,95,000 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேவைப் பிரிவுகளுக்குள் நடப்பதையே பார்க்காத நேரடி முறையில் சி.டி.சி.-க்கு 4,94,000 வருகிறது. நம் விடைக்கும் அதற்கும் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். பாதி வழி நடந்த படிமுறையைவிட, நடக்கவே நடக்காத நேரடி முறை இங்கே கிட்டத்தில் வந்துவிட்டது! தற்செயல்தான், ஆனால் காரணம் இருக்கிறது. வண்டி இரண்டு தூளுக்கும் 2-க்கு 1 என்று பிரிகிறது, பட்டறை 3-க்கு 2 என்று பிரிகிறது. இரண்டு விகிதமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், வண்டியின் பணம் பட்டறை வழியாகப் போனாலும் நேராகப் போனாலும் பெரிதாக இடம் மாறுவதில்லை. அதோடு, போகிற திருத்தமும் வருகிற திருத்தமும் எதிரெதிர்த் திசையில் இழுத்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒரு தூளுக்கே வண்டி பெரும்பாலும் ஓடி, இன்னொரு தூளையே பட்டறை பெரும்பாலும் பார்க்கிற ஃபேக்டரியில் இப்படி இருக்காது. அதனால் முதல் மாதம் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டு, வித்தியாசம் கிலோவுக்குச் சில பைசாதான் என்றால் தூளின் விலைக்காக மட்டும் சமன்பாட்டைக் கட்டி அழ வேண்டியதில்லை. வேறொரு கேள்விக்கு மட்டும் அது கட்டாயம் வேண்டும், அது அடுத்த அறிகுறி.

அறிகுறி: வெளி வண்டி வாடகைக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்கு, தாள் ஒன்று சொல்கிறது, கல்லாப் பெட்டி வேறொன்று சொல்கிறது

ஒருவர் வந்து கிலோமீட்டருக்கு 56 ரூபாய்க்கு இலை எடுத்துத் தருகிறேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் 5,25,000-ஐ 10,000-ஆல் வகுத்து, நம் செலவு 52.50தான், வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். தவறு. நம் வண்டி ஓடுவதால் பட்டறையிலும் செலவு ஏறுகிறது. சமன்பாட்டு விடைப்படி வ 6,00,000, அதாவது கிலோமீட்டருக்கு 60 ரூபாய்.

ஏன் 60 என்பதைச் சும்மா நம்ப வேண்டாம், வண்டிப் பிரிவை மூடிப் பாருங்கள். 5,25,000 மிச்சம். வண்டிகள் இல்லாததால் பட்டறைக்கு 150 மணி வேலை குறைகிறது, அதன் சொந்தச் செலவில் கால் பங்கு 60,000 மிச்சம். ஆக 5,85,000. வெளியே எத்தனை கிலோமீட்டர் வாங்க வேண்டும்? 10,000 என்பது சட்டென்று வருகிற பதில். ஆனால் பட்டறை வேலை கால் பங்கு குறைந்தால் பட்டறைக்கான ஓட்டமும் 1,000-இலிருந்து 750 ஆகக் குறையும். வாங்க வேண்டியது 9,750 கிலோமீட்டர்தான். 5,85,000-ஐ 9,750-ஆல் வகுத்தால் சரியாக 60. சமன்பாடு இந்த முழுச் சுற்றையும் உள்ளுக்குள்ளேயே செய்துவிட்டிருக்கிறது.

அப்படியானால் 56-க்கு வாடகை வண்டியை எடுத்துவிடலாமா? இங்கேதான் அடுத்த குழி. அந்த 60 ரூபாய் மொத்தமும் மிச்சமாகும் என்பது, எல்லாச் செலவும் வேலை குறைந்தால் குறையும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. நிஜத்தில் வண்டியை நிறுத்தினாலும் நிரந்தர டிரைவர் சம்பளமும் இன்சூரன்ஸும் உடனே போகாது, அது 1,50,000 என்று வையுங்கள். பட்டறையில் மூன்று ஃபிட்டர்களும் மாதச் சம்பளக்காரர்கள். வேலை குறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை, பட்டறையின் 2,40,000-இல் வேலையோடு குறையக்கூடியது 60,000 ரூபாய் சாமான் செலவுதான்.

அதே சமன்பாட்டை, குறையக்கூடிய செலவை மட்டும் வைத்துத் திரும்பப் போடுங்கள்:

```
வ = 3,75,000 + 0.25 ப
ப = 60,000 + 0.10 வ
```

வ 4,00,000 வருகிறது. கிலோமீட்டருக்கு 40 ரூபாய். 56 கேட்கிறவரை நம்பி வண்டியை நிறுத்தினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 16 ரூபாய் கையைவிட்டுப் போகும், மாதத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். தூளின் விலைத் தாளில் 60 சரிதான், இந்தக் கேள்விக்கு 40தான் சரி. டிரைவர்களை வேறு வேலைக்கு மாற்றி, வண்டிகளை விற்றுவிட முடியும் என்றால் மட்டும் 40 மெல்ல 60-ஐ நோக்கி நகரும்.

ஆகவே தாளில் சொந்தச் செலவுக்கு ஒரே கட்டம் வைக்காமல், மாறுகிற செலவு, மாறாத செலவு என்று இரண்டு கட்டமாக வைத்து, மேலே சொன்ன சூத்திரத்தையே இரண்டு முறை ஓட விடுங்கள். பனிக்காலத்தில் இலை வரத்து குறைந்து, வண்டி ஓட்டம் பாதியாகும்போது முதலாளி “போன மாசம் 60, இந்த மாசம் எப்படிப்பா 80” என்று கேட்பார். மாறுகிற செலவுக் கட்டம் கிட்டத்தட்ட 40-லேயே நிற்பதையும், மாறாத செலவு குறைந்த கிலோமீட்டரில் விழுந்திருப்பதையும் அப்போது அவருக்கு அதே தாளில் காட்டிவிடலாம்.